வெறுங்கூடையும் மூன்றாம் இடமும்

அன்புள்ள தம்பிக்கு,

நம் புகைப்பட மன்றப் போட்டியின் முடிவைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. "திரையில் காட்டிய சுற்றில் என் படம்தான் முதலில் இருந்தது என்று கேள்விப்பட்டேன். அப்படியிருக்க, மூன்றாவது எப்படி ஆனது?" என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. முதல் சுற்றில் நடுவர்கள் மூன்று பேரும் போட்ட மதிப்பெண்ணைக் கூட்டினால் உங்கள் உப்பளப் படத்துக்கு முப்பதுக்கு 27. மானாமதுரை கடம் செய்பவரின் படத்துக்கு 25. முதல் பரிசு வாங்கிய, தறிக்கான நீள இழைகளைத் தெருவில் விரித்திருக்கும் காஞ்சிபுரம் பாவுத் தெருப் படத்துக்கு வெறும் 23. அன்றைக்கு அது பதினொன்றாவது இடத்தில் இருந்தது.

அந்த மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது என்ன நடந்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். நான் ஒருவன் மட்டும் எடுத்த முடிவு இல்லை இது. எங்களில் ஒருவர், பத்திரிகையில் நெடுங்காலம் வேலை செய்தவர், கடைசி வரைக்கும் உங்களுக்கு இரண்டாம் இடம் வேண்டும் என்று வாதாடினார். அவர் சொன்னதையும் எழுதுகிறேன்.

முதலில், 27 மதிப்பெண் வாங்கிய படம் ஏன் கீழே இறங்கியது. திரையில் ஒரு படத்தைப் பார்க்க எங்களுக்குக் கிடைப்பது பத்து விநாடி. இருட்டறை, பெரிய திரை, ஒன்றன்பின் ஒன்றாக நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரம், அதற்கு மேல் ஆழ்ந்த நீலத்தில் வானம், நடுவில் சிவப்புச் சேலையில் கூடையோடு ஒரு பெண். அந்தப் பத்து விநாடியில் உங்கள் படம் சட்டென்று ஆளை நிறுத்தியது. நானும் 9 போட்டேன். இப்போது அதே சுற்றை நடத்தினாலும் 9தான் போடுவேன்.

ஆனால் இரண்டாம் சுற்று மேசையில் நடக்கிறது. மேலே வந்த பன்னிரண்டு படங்களையும் மன்றமே ஒரே லேபில், ஒரே காகிதத்தில், 12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு ஜன்னலோரம் பரப்பி வைத்தது. அங்கே நேரக் கணக்கு கிடையாது. கையில் எடுக்கலாம், கிட்டே பார்க்கலாம், கீழே வைத்துவிட்டு டீ குடித்து வந்து மறுபடி பார்க்கலாம். திரையில் தெரியாதவை எல்லாம் அங்கே தெரிந்தன.

உங்கள் கேமரா கொடுக்கும் கோப்பு அகலத்தில் 6000 புள்ளி, உயரத்தில் 4000 புள்ளி. நீங்கள் அனுப்பியது 3000க்கு 2000. அதாவது நான்கு பங்கில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று பங்கை வெட்டி எடுத்திருக்கிறீர்கள். மன்றத்தின் ப்ரொஜெக்டரில் உங்கள் படம் உயரத்தில் 1080 புள்ளிக்குச் சுருங்கித்தான் விழுகிறது. 2000ஐ 1080 ஆகச் சுருக்கும்போது எந்தப் படமும் கூர்மையாகத்தான் தெரியும். அதே 3000 புள்ளியை 18 அங்குலக் காகிதத்தில் பரப்பினால் ஓர் அங்குலத்துக்கு 167 புள்ளி வருகிறது. கையில் வைத்துப் பார்க்கிற பிரிண்டுக்கு 300 இருந்தால் நல்லது, 240 இருந்தால் சமாளிக்கலாம். 167இல் வானமும் அம்பாரமும் தப்பித்துக்கொள்ளும். முகம் தப்பாது.

அந்த அம்மாவின் முகம் பிரிண்டில் என் கட்டைவிரல் நகத்தின் அளவு இருந்தது. அதற்கு மொத்தம் நூற்றிருபது புள்ளி போல உயரம். ஒரு கண்ணுக்கு எட்டோ பத்தோ மிஞ்சும். கண் இருக்கிற இடம் தெரிகிறது, கண் தெரியவில்லை. அதைச் சரிக்கட்ட ஷார்ப்னஸைக் கூட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கை ஓரத்திலும் கூடை ஓரத்திலும் வானத்தை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. கத்தரியால் வெட்டி ஒட்டினது மாதிரி இருக்கிறதே என்று ஒரு நடுவர் சந்தேகப்பட்டதே அந்தக் கோட்டால்தான். அசல் கோப்பைப் பார்த்த பிறகுதான் அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

அடுத்து உப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நீங்கள் செய்த வேலை பாதி மிகச் சரியானது.

உப்பளத்தில் கேமராவை அதன் போக்கில் விட்டால் உப்பு சாம்பல் நிறத்தில் வரும். எதிரே இருப்பது வெள்ளையா கறுப்பா என்று அதன் ஒளியளவிக்குத் தெரியாது. எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். நீங்கள் அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு வெளிச்சத்தை ஒன்றேகால் ஸ்டாப் கூட்டி எடுத்திருக்கிறீர்கள். காலை 7:42 வெயிலுக்கு அது பொருத்தமான அளவு. கேமரா பதிந்தபடியே இருக்கும் உங்கள் ரா கோப்பைத் திறந்து அம்பாரத்தின் மேல் கர்சரை நகர்த்திப் பார்த்தேன். வெறும் வெள்ளைக்கு 255 என்ற கணக்கில் 225, 235 என்றுதான் காட்டியது. பரல் பரலாக உப்பு தெரிந்தது. கூடை கூடையாகக் கொட்டியதால் அம்பாரத்தின் சரிவில் விழுந்திருக்கும் சிறு சிறு வழிசல்கள்கூடத் தெரிந்தன. நீங்கள் போட்டிக்கு அனுப்பிய ஜேபெக்கில் அதே இடம் 255. பிரிண்டில் அந்த இடத்தில் மை நிறம் எதுவும் கிடையாது, வெறும் காகிதம். உள்ளங்கை அளவுக்கு ஓர் இடம் முழுக்க வெறும் காகிதம்.

ஆக, உப்பு தொலைந்தது உப்பளத்தில் இல்லை, உங்கள் கணினியில். வானம் இன்னும் ஆழமாக வேண்டும் என்று கான்ட்ராஸ்டை ஏற்றியிருக்கிறீர்கள். வெள்ளை பளிச்சிட வேண்டும் என்று ஒயிட்ஸையும் தள்ளியிருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து பரலை அழித்துவிட்டன. மென்பொருளில் வெளிச்சம் மிகுந்து விவரம் போன இடங்களைச் சிவப்பாகக் காட்டும் எச்சரிக்கை இருக்கும். அதைப் போட்டுப் பார்த்திருந்தால் அம்பாரத்தில் பாதி சிவந்திருக்கும். ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தில் ஒரு கோடு சுவரில் சாய்த்த கம்பு மாதிரி நட்டமாக நிற்கும்.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள் என்று தெரியும். முதல் பரிசுப் படத்திலும் ஒரு தெருவிளக்கு வெளுத்துப்போய்த்தானே இருக்கிறது, அதற்கு மட்டும் மன்னிப்பா? ஆமாம், மன்னிப்புதான். காரணம் சொல்கிறேன். விளக்கு என்பது வெளிச்சம் வருகிற இடம். அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. நேரில் பார்த்தாலும் கண் கூசித்தான் போகும். உப்பு அப்படி இல்லை. உங்கள் படத்தில் அந்தப் பெண்ணுக்கு அடுத்து நாங்கள் பார்க்க வேண்டிய பொருளே அதுதான். ஒரு நாள் முழுக்க வாரி, சுமந்து, கொட்டிய உப்பு அங்கே வெற்றுத் தாளாக இருந்தால் அவர் செய்த வேலையே படத்தில் இல்லாமல் போகிறது.

ஆனாலும் இவ்வளவும் சேர்ந்தும் உங்களை மூன்றாவதாக ஆக்கியிருக்காது. காஞ்சிபுரம் படத்தில் இதைவிடக் கண்ணை உறுத்தும் குறை இருக்கிறது. விடியும் முன்பே, ஐஎஸ்ஓ 6400இல் எடுத்தது. நிழல் முழுக்கக் குருணை. தெருக்கோடியில் நிற்பவரின் முகம் மணல் தூவினது போல இருக்கிறது. தொழில்நுட்பத்துக்கு மட்டும் மதிப்பெண் என்றால் கடம் படம் முதல், உங்கள் படம் இரண்டு, பாவுப் படம் மூன்று. முடிவை மாற்றியது வேறொன்று.

போட்டியின் தலைப்பு 'உழைப்பு'. உங்கள் படத்துக்கு நீங்கள் வைத்த பெயர் 'சுமை'. பிரிண்டை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்க் கூடையைப் பார்த்தேன். வெயில் அந்த அம்மாவுக்குப் பின்பக்கமிருந்து, கொஞ்சம் இடதாக விழுகிறது. கூடையின் பின்னலுக்கு நடுவே சின்னச் சின்னப் புள்ளிகளாக வெளிச்சம் ஊடுருவி வருகிறது. ஈர உப்பு நிறைந்த கூடையில் அப்படி வராது. கூடை காலி.

அதைக் கண்ட பிறகு மற்றதெல்லாம் தானாகத் தெரிய ஆரம்பித்தது. கழுத்து நிமிர்ந்து நீளமாக இருக்கிறது. சுமை ஏறினால் கழுத்து தோளுக்குள் இறங்கும், தாடை லேசாக முன்னே வரும். வலது கை வீசி நடக்கும் நடையில் தொங்குகிறது, இடது கைவிரல்கள் கூடையின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கின்றன. கனம் இருந்தால் விரல் விளிம்பை இறுக்கிப் பிடிக்கும். அவர் சுமையைக் கொட்டிவிட்டுத் திரும்பி நடக்கிறார். நீங்கள் அவரை நிறுத்தி வைத்து எடுக்கவில்லை என்பதும் தெரிகிறது. நடந்தது உண்மைதான். ஆனால் நீங்கள் வைத்த பெயர் அந்தப் பெண்ணுக்குப் பொருந்தவில்லை. கூடையைத் தலையில் கண்டதும் சுமை என்று நினைத்துக்கொண்டோம், நீங்களும் சரி, திரைக்கு முன்னால் 9 போட்ட நானும் சரி.

இரண்டாம் பரிசுப் படத்தையும் இதே கண்ணோடுதான் பார்த்தோம். அதை நீங்கள் கண்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஒரே ஒரு வாசல் வெளிச்சம். தட்டுப்பலகையை ஓங்கிய வலது கை. அந்த வெளிச்சம் விழுந்த முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் அச்சில் வந்திருந்தது. கடம் எப்படி உருவாகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சக்கரத்தில் எடுத்த பானையை அப்படியே விடுவதில்லை. உள்ளே ஒரு கையால் கல்லைத் தாங்கிப் பிடித்து, வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் சுவரை இறுக்கிச் சீராக்குவார்கள். உள்ளே தாங்கல் இல்லாமல் தட்டினால் சுவர் உள்வாங்கிவிடும். அந்தப் படத்தில் அவருடைய இடது கை பானைக்குள் இல்லை. விளிம்பின் மேல் சும்மா வைத்திருக்கிறார். படத்துக்காகப் பலகையை ஓங்கிக் காட்டியிருக்கிறார் என்று அர்த்தம். கேட்டு வாங்கிய அசல் கோப்புகளைப் பார்த்தபோது அதுவும் உறுதியானது. அடுத்தடுத்த ஏழு படத்திலும் பலகை அதே உயரத்தில் நிற்கிறது.

முதல் பரிசை அது இழந்தது இந்த இடத்தில்தான். அப்படியானால் அது ஏன் உங்களுக்கு மேலே? எங்கள் பத்திரிகை நண்பர் கேட்டதும் இதைத்தான். "அது நிறுத்தி வைத்து எடுத்தது. இது நடந்ததை எடுத்தது. காலிக் கூடையாக இருந்தாலும் உண்மையான காலிக் கூடை" என்றார். இருபது நிமிடம் பேசினோம். அவர் வாதம் பலமானது, இன்றைக்கும் என்னால் அதை முழுதாகத் தள்ளிவிட முடியவில்லை. என் பக்கத்து வாதம் இது: கடம் படம் ஒரு மனிதரின் உருவப்படம் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அவர் கேமராவைப் பார்க்கிறார், தலைப்பும் 'கடம் செய்பவர்' என்பதுதான். இந்தப் பிரிவில் உருவப்படத்துக்குத் தடை இல்லை. உருவப்படத்துக்கு முகம்தான் உயிர், அந்த முகம் அச்சில் நிற்கிறது. உங்கள் படம் ஒரு நிகழ்வைச் சொல்ல வருகிறது. அந்த நிகழ்வு கூடையில் இல்லை, முகத்தில் தேடினால் முகம் அச்சில் இல்லை, உப்பில் தேடினால் உப்பும் இல்லை. மூன்று இடத்திலும் கை நழுவுகிறது. மூன்றாமவர் என் பக்கம் சேர்ந்தார். இரண்டுக்கு ஒன்று.

பாவுத் தெருப் படம் ஏன் முதல் என்பதில் எங்களுக்குள் சண்டையே வரவில்லை. காஞ்சிபுரத்தில் தெருவோடு நீளமாகப் பாவை விரித்து, குறுக்குக் குச்சிகள் கொடுத்து, வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிப்பார்கள். அந்தக் காட்சியைப் பலரும் எடுத்திருக்கிறார்கள். வரிசையாகப் போகும் இழைகள், தூரத்தில் கோபுரம், அவ்வளவோடு முடிந்துவிடும். இந்தப் படத்தில் ஓர் இழை அறுந்திருக்கிறது. கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் குனிந்து, அறுந்த இரண்டு முனைகளையும் விரல் நுனியில் பிடித்திருக்கிறார். மற்ற நான்கு பேரும் பாவைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறார்கள். ஒருவர் கொட்டாவி விடுகிறார், ஒரு பெண் திரும்பித் தன் வீட்டு வாசலைப் பார்க்கிறார். எல்லா இழைகளும் நம் கண்ணை அந்த இரண்டு விரலுக்குக் கூட்டிப்போகின்றன. ஒரு பாவில் ஆயிரக்கணக்கில் இழை உண்டு. அதில் ஒன்றுக்காக நான்கு பேர் காத்திருக்கிறார்கள். உழைப்பு என்ற தலைப்புக்கு அதைவிடத் தெளிவாக ஒரு பதில் அந்த மேசையில் இல்லை. திரையில் அந்த விரல்கள் தெரியவே இல்லை, அதனால்தான் 23. முழுக் கோப்பையும் வெட்டாமல் அனுப்பியிருந்தார். குருணை இருந்தாலும் அச்சில் விரல் நுனி வரைக்கும் படிக்க முடிந்தது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களிடம் அசல் கோப்போடு அதற்கு முன்னும் பின்னும் எடுத்த மூன்று மூன்று படங்களையும் கேட்டோம் அல்லவா? திருத்தல் நடந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் கேட்டது. ஆனால் உங்கள் ஏழு கோப்பையும் வரிசையாகப் பார்த்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. நீங்கள் அனுப்பியது DSC_4127. உங்களிடம் DSC_4124 இருந்தது. DSC_4130 இருந்தது.

4124இல் அவர் உண்மையிலேயே சுமக்கிறார். அம்பாரத்தில் சாய்த்த பலகையில் ஏறுகிறார், கூடையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சேலையின் தோள்பக்கம் நனைந்து நிறம் மாறியிருக்கிறது, கெண்டைக்கால் தசை இறுகி நிற்கிறது. 'சுமை' என்ற பெயர் இந்தப் படத்துக்குத்தான் பொருந்தும். ஆனால் முதுகுதான் தெரிகிறது. பின்னால் நிற்கும் இன்னொருவரின் தலை இவருடைய கூடையோடு ஒட்டிக்கொண்டு, ஒரு கூடைக்கு இரண்டு தலை போலத் தெரிகிறது. அரை அடி நகர்ந்து நின்றிருந்தால் பிரிந்திருக்கும். இதை அனுப்பாதது சரியான முடிவு.

4130ஐ நீங்கள் ஏன் அனுப்பவில்லை என்று ஊகிக்க முடிகிறது. வானம் அதில் கொஞ்சம்தான் இருக்கிறது. தொடுவானம் இரண்டு டிகிரி சாய்ந்திருக்கிறது. அவர் குனிந்திருப்பதால் முகம் பக்கவாட்டில் பாதிதான் தெரிகிறது. சிவப்பும் நீலமும் வெள்ளையும் சேர்ந்த அந்த எடுப்பு இல்லை. ஆனால் என்ன நடக்கிறது பாருங்கள். கூடையைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, நீலப் பிளாஸ்டிக் குடத்தைச் சாய்த்து, ஒரு கையில் வாங்கிய தண்ணீரை வலது பாதத்தில் விடுகிறார். உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெடித்த குதிகால். அந்த வெடிப்புகளில் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கிறது. விட்ட தண்ணீர் அந்தக் கோடுகளைக் கழுவிக்கொண்டு இறங்குகிறது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாகத் தண்ணீர். அவருக்கு வேண்டிய தண்ணீர் ஒரு குடத்தில் இருக்கிறது, அதையும் சிந்தாமல் கையில் வாங்கித்தான் ஊற்றுகிறார்.

இந்தக் குடம் 4127இலும் இருக்கிறது, கவனித்தீர்களா? வலது கீழ் மூலையில் பாதி வெட்டுப்பட்ட ஒரு நீலத் துண்டாக. மேசையில் வைத்தபோது அந்தத் துண்டு கண்ணை இழுக்கிறது என்று நாங்கள் மூவருமே குறித்திருந்தோம். வெட்டாத அசல் கோப்பில் குடம் முழுதாக இருக்கிறது, அவர் அதை நோக்கித்தான் நடந்துவருகிறார். நீங்கள் உள்ளே வெட்டிக்கொண்டு வந்ததில் அவர் போகிற இடம் அறுபட்டு, மிச்சம் குப்பை போல ஓரத்தில் நிற்கிறது. நல்ல வேளையாக அதை அழித்துவிடாமல் விட்டீர்கள். அழித்திருந்தால் விதிப்படி படத்தையே விலக்க வேண்டி வந்திருக்கும். 2010இல் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் விளையாட்டுப் பிரிவில் மூன்றாம் பரிசு அறிவிக்கப்பட்ட ஒரு தொகுப்பு, ஒரு படத்தில் பின்னால் தெரிந்த பாதத்தின் ஒரு துணுக்கை அழித்ததற்காகப் பரிசை இழந்தது. அதுவும் இதே மாதிரி பார்க்கச் சாதாரணமான ஒரு துண்டுதான்.

இரண்டில் எதை அனுப்புவது என்று உங்கள் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தால் எப்படி முடிவெடுப்பேன் என்று சொல்கிறேன். 4127இன் பக்கம் நிறம், வானம், எட்ட நின்று பார்க்கும்போது வரும் எடுப்பு. திரையில் மட்டும் நடக்கும் போட்டி என்றால், தலைப்பு 'நிறங்கள்' என்றோ 'நிலக்காட்சி' என்றோ இருந்தால், யோசிக்காமல் அதைத்தான் அனுப்பச் சொல்வேன். பெயரை மட்டும் மாற்றச் சொல்வேன். பிரிண்டுக்குப் போகும் போட்டி, தலைப்பு உழைப்பு என்றால் 4130. அதில் அந்த அம்மா குடத்தை நோக்கி வந்து உங்களுக்கு அருகிலேயே இருக்கிறார், அதனால் வெட்ட வேண்டியதே இல்லை. சாய்வை நிமிர்த்தினாலும் ஓரத்தில் கொஞ்சம்தான் போகும். அகலத்தில் ஐந்தாயிரத்து எழுநூறு புள்ளி போல மிஞ்சும், 18 அங்குலத்துக்கு அது தாராளம். குதிகால் வெடிப்பை அச்சில் எண்ணலாம்.

திரைச் சுற்றில் 4130க்கு 27 கிடைத்திருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 22, 23 கிடைத்திருக்கும். பன்னிரண்டுக்குள் வந்திருக்குமா என்பதே சந்தேகம்தான். மங்கலாகத் தொடங்கும் படங்களுக்கு எங்கள் முதல் சுற்றில் அந்த ஆபத்து இருக்கிறது. பாவுப் படமே தப்பிப் பிழைத்துத்தான் மேசைக்கு வந்தது. இதைப் பற்றி மன்றக் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். அடுத்த ஆண்டு முதல் சுற்றில் பத்து விநாடியை முப்பதாக்கவும், மேசைக்குப் பன்னிரண்டுக்குப் பதில் இருபது படம் எடுக்கவும் கேட்டிருக்கிறேன்.

திருத்தும்போது ஒன்றைச் செய்து பாருங்கள். 4130ஐத் திறந்ததும் வானத்தைத் தொடாதீர்கள். முதலில் பாதத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி வைத்துக்கொள்ளுங்கள். வெடிப்பில் இருக்கும் உப்புக் கோடும், பின்னால் இருக்கும் அம்பாரமும் 245ஐத் தாண்டாமல் ஒயிட்ஸை நிறுத்துங்கள். அப்புறம்தான் மற்றது. ஷார்ப்னஸை, பிரிண்ட் அளவுக்குக் கோப்பை அமைத்த பிறகு கடைசியில் ஒருமுறை போட்டால் போதும். பெரிய பிரிண்டுக்குப் பணம் கொடுக்கும் முன், அதே பெருக்கத்தில் ஒரு துண்டை மட்டும் 4க்கு 6இல் போட்டு வாங்குங்கள். 18 அங்குல அகலத்தில் 6 அங்குலம் என்றால் மூன்றில் ஒரு பங்கு. அதனால் படத்தின் அகலத்திலும் உயரத்திலும் மூன்றில் ஒரு பங்கை, பாதமும் முகமும் வரும்படி வெட்டி லேபுக்குக் கொடுத்தால் பெரிய பிரிண்டில் அவை எப்படி வருமோ அப்படியே கைக்கு வந்துவிடும். சில ரூபாய்ச் செலவு. 4127க்கு இதைச் செய்திருந்தால் அந்த முகம் தேறாது என்று போட்டிக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வெயில் பட்ட உப்பில் எட்ட நின்று எடுக்கும் பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். 4127இல் நீங்கள் 55 எம்.எம்.மில், இரண்டு பாத்தி தள்ளி நின்றிருக்கிறீர்கள். வரப்பில் இருபது அடி முன்னே நடந்திருந்தால் வெட்ட வேண்டிய தேவையே வந்திருக்காது. முன்னே போகத் தயங்கியது வேலைக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்பதால் என்றால் அந்தத் தயக்கம் நல்லதுதான். ஆனால் 4130இல் அவர் உங்களுக்கு இவ்வளவு பக்கத்தில், உங்களைக் கண்டுகொள்ளாமல் கால் கழுவுகிறார். நீங்கள் அங்கே இருப்பது அவருக்குப் பழகிவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம்.

இந்தக் கடிதத்தோடு இரண்டு 4க்கு 6 பிரிண்ட் வைத்திருக்கிறேன். ஒன்று நீங்கள் அனுப்பிய ஜேபெக்கில் அம்பாரத்தின் சரிவு. மற்றது உங்கள் ராவிலிருந்து நான் எதையும் ஏற்றாமல் எடுத்த அதே சரிவு. டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்காதீர்கள், காலையில் ஜன்னலோரம் பாருங்கள். 4130ஐ நான் அச்சடிக்கவில்லை. அது உங்கள் வேலை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தூத்துக்குடிப் பக்கம் உப்பு வாருவது நின்றுவிடும். அந்த அம்மா அதே அளத்தில் இருப்பாரோ, வேறு வேலைக்குப் போய்விடுவாரோ தெரியாது. அதற்கு முன்னால் ஒரு பிரிண்டை அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்போது, அந்தக் குடத்துத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை பேருக்கு அது ஒரு நாள் முழுக்க வர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். படத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் நடுவர்களில் ஒருவன்